சிங்கரின் குளத்து வாதம்: எடுகூற்றுகளாகப் பிரித்து ஆராய்தல்

அறவியலின் தொடக்கப் பாடத்தில் மாணவர்களுக்குத் தரப்படும் முதல் பயிற்சிகளுள் ஒன்று, ஒரு மெய்யியல் கட்டுரையில் உள்ள வாதத்தைப் பிரித்து எழுதுவதாகும். எந்தக் கூற்றுகளை ஆசிரியர் ஆதாரமாக வைக்கிறாரோ அவை எடுகூற்றுகள். அவற்றிலிருந்து அவர் எதைப் பெற விரும்புகிறாரோ அது முடிவு. எடுகூற்றுகள் எல்லாம் உண்மையாக இருக்கும்போது முடிவு பொய்யாக இருக்கவே முடியாது என்றால் அந்த வாதம் செல்லுபடியாகும். செல்லுபடியாவதுடன் எடுகூற்றுகளும் உண்மையாக இருந்தால் அது உறுதியான வாதம். செல்லுபடி என்பது கூற்றுகளுக்கு இடையே உள்ள உறவைப் பற்றியது. அவை உண்மையா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதே பயிற்சியின் நோக்கம்.

இதற்குப் பல பாடத்திட்டங்களில் எடுத்துக்கொள்ளப்படும் கட்டுரை பீட்டர் சிங்கர் எழுதிய 'பஞ்சம், செல்வம், அறம்' என்பது. அது எளிய நடையில் எழுதப்பட்டது. வாதமும் மூன்று நான்கு வரிகளில் அடங்கிவிடுவது போலத் தோன்றும். ஆனால் எழுதிப் பார்க்கும்போது முதல் வரைவு ஏறத்தாழ எப்போதும் செல்லுபடியாகாத ஒன்றாகவே அமைகிறது. அது ஏன், அதை எப்படிச் சரிசெய்வது, சரிசெய்த பின்னும் எஞ்சும் சிக்கல் என்ன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கட்டுரையின் பின்னணி

சிங்கர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1946-இல் பிறந்தவர். ஆக்சுபோர்டில் இருந்த காலத்தில், 1971 நவம்பரில் இந்தக் கட்டுரையை எழுதினார். 1972-இல் 'தத்துவமும் பொது விவகாரங்களும்' என்ற பொருள்படும் பெயருடைய ஆங்கில ஆய்விதழில் அது வெளிவந்தது. அப்போது கிழக்கு வங்காளத்தில், அதாவது இன்றைய வங்காளதேசத்தில், புயலும் வறுமையும் உள்நாட்டுப் போரும் சேர்ந்து குறைந்தது 90 லட்சம் பேரை அகதிகளாக்கியிருந்தன. அவர்கள் எல்லை கடந்து இந்தியாவுக்குள் வந்து முகாம்களில் தங்கியிருந்தார்கள்.

சிங்கர் சில கணக்குகளைத் தருகிறார். அகதிகளை ஓராண்டு உயிருடன் வைத்திருக்க ஆகும் செலவு 46.4 கோடி பவுண்டு என்று மதிப்பிடப்பட்டிருந்தது. அதுவரை எல்லா இடங்களிலிருந்தும் வந்து சேர்ந்தது ஏறத்தாழ 6.5 கோடி பவுண்டு. தேவையில் ஏழில் ஒரு பங்குதான் அது. இந்தக் கணக்குகளைப் பல மாணவர்கள் பின்னணிச் செய்தி என்று எண்ணித் தாண்டிப் போய்விடுகிறார்கள். வாதத்தைக் கட்டும்போது இவை மீண்டும் தேவைப்படும்.

முடிவை முதலில் கண்டறிதல்

வாதத்தைப் பிரிக்கும்போது எடுகூற்றுகளிலிருந்து தொடங்குவது இயல்பாகத் தோன்றினாலும், முடிவிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பான வழி. எதை நிறுவ வேண்டும் என்று தெரியாமல் எவை ஆதாரம் என்று தேர்ந்தெடுக்க முடியாது.

சிங்கரின் கட்டுரையில் முடிவாகக் கொள்ளத்தக்கவை குறைந்தது மூன்று உள்ளன. வசதியுள்ளவர்கள் பஞ்ச நிவாரணத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. அப்படிக் கொடுப்பது பாராட்டுக்குரிய தருமம் அன்று, கொடுக்காமல் இருப்பது தவறாகும் அளவுக்கு அது கடமை என்பது இரண்டாவது. வசதியான நாடுகளின் மக்கள் அறத்தைப் பற்றி நினைக்கும் முறையே மாற வேண்டும் என்பது மூன்றாவது. இவை மூன்றும் ஒன்றல்ல. முதலாவதை ஏற்கும் ஒருவர் இரண்டாவதை மறுக்கலாம். "கொடுப்பது நல்லது, ஆனால் கொடுக்காதவரைக் குறைசொல்ல முடியாது" என்பதுதான் பெரும்பாலோரின் நிலை. சிங்கர் தாக்குவது அந்த நிலையைத்தான். ஆகவே "பணம் கொடுப்பது நல்லது" என்று முடிவை எழுதும் மாணவர், சிங்கர் சொல்லாத ஓர் எளிய வாதத்தை அவர் தலையில் கட்டிவிடுகிறார். இரண்டாவதே இங்கே முடிவாகக் கொள்ளத்தக்கது.

முதல் வரைவு

சிங்கர் தம் கட்டுரையில் இரண்டு கூற்றுகளை வெளிப்படையாக முன்வைக்கிறார். அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டால் கிடைக்கும் வரைவு பின்வருமாறு.

எடுகூற்று 1: உணவு, தங்குமிடம், மருத்துவம் ஆகியவை இல்லாமல் நேரும் துன்பமும் சாவும் தீயவை.

எடுகூற்று 2: ஒரு தீமையைத் தடுப்பது ஒருவரால் முடியும், அதற்காக ஒப்பிடத்தக்க அற முக்கியத்துவம் உள்ள எதையும் இழக்க வேண்டியதில்லை என்றால், அவர் அதைத் தடுக்க வேண்டும், தடுக்காமல் விடுவது தவறு.

முடிவு: வசதியுள்ளவர்கள் நிவாரண நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்காமல் இருப்பது தவறு.

படிக்கும்போது இது சரியாகவே தெரிகிறது. அதற்குக் காரணம், வாசிப்பவர் தமக்குத் தெரிந்த உலகச் செய்தி ஒன்றைத் தாமே நடுவில் செருகிக்கொள்கிறார். செல்லுபடிச் சோதனை அந்தச் செருகலை வெளியே கொண்டுவருகிறது.

சோதனையை இரண்டு வழிகளில் செய்யலாம். முதல் வழி எளியது. முடிவில் உள்ள முக்கியமான சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, அது எந்த எடுகூற்றில் வருகிறது என்று பார்க்க வேண்டும். 'தவறு' என்ற சொல் எடுகூற்று 2-இல் வருகிறது. 'நிவாரண நிறுவனம்', 'பணம் கொடுத்தல்' ஆகியவை எந்த எடுகூற்றிலும் இல்லை. எடுகூற்றுகளில் இல்லாத பொருள் ஒன்று முடிவில் திடீரெனத் தோன்றினால், நடுவில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். 'வேண்டும்', 'தவறு' போன்ற அறச்சொற்களுக்கும் இதே விதி பொருந்தும். நிகழ்வுகளைச் சொல்லும் கூற்றுகளை மட்டும் அடுக்கி 'செய்ய வேண்டும்' என்ற முடிவுக்குத் தாவும் வழக்கத்தை டேவிட் இயூம் 18-ஆம் நூற்றாண்டிலேயே சுட்டிக்காட்டினார். இந்த வரைவில் அந்தக் குறை இல்லை. எடுகூற்று 2 அறச்சொல்லைக் கொண்டுவந்துவிடுகிறது. குறை நேர்மாறான பக்கத்தில், அதாவது நிகழ்வைப் பற்றிய கூற்று இல்லாமையில் உள்ளது.

இரண்டாவது வழி எதிர்க்காட்டு. எடுகூற்றுகள் எல்லாம் உண்மையாகவும் முடிவு பொய்யாகவும் இருக்கும் ஒரு நிலையைக் கற்பனை செய்ய முடியுமா என்று பார்ப்பதே அது. அந்த நிலை நடைமுறையில் இருக்க வேண்டியதில்லை; முரண்பாடின்றிக் கற்பனை செய்ய முடிந்தால் போதும். ஓர் உலகில் அனுப்பப்படும் நிவாரணப் பணம் முழுவதும் வழியிலேயே தொலைந்துவிடுகிறது, ஒரு காசும் அகதிகளுக்குப் போய்ச் சேர்வதில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த உலகிலும் பட்டினி தீயதுதான். எடுகூற்று 1 உண்மை. தடுக்க முடிந்த தீமையைத் தடுக்க வேண்டும் என்ற விதியும் அங்கே பொருந்தும். எடுகூற்று 2-உம் உண்மை. ஆனால் பணம் கொடுப்பதால் எந்தத் தீமையும் தடுக்கப்படாததால், கொடுக்காமல் இருப்பது தவறு என்று சொல்ல இடமில்லை. முடிவு பொய்யாகிறது. ஆகவே இந்த வரைவு செல்லுபடியாகாது.

இந்த இடத்தில் மாணவர் சிலர் "நம் உலகில் பணம் போய்ச் சேர்கிறதே" என்று மறுப்பது உண்டு. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த மறுப்பே விடுபட்ட எடுகூற்றாகும். அதை வாதத்துக்கு வெளியே வைத்துக்கொண்டு வாதம் செல்லுபடியாகும் என்று சொல்ல முடியாது.

விடுபட்ட எடுகூற்றை நிரப்புதல்

இடைவெளியை எப்படி நிரப்புவது என்பதில் ஒரு பொறி உண்டு. "எடுகூற்று 1-உம் 2-உம் உண்மையானால் முடிவும் உண்மை" என்று ஒரு வரியைச் சேர்த்தால் எந்த வாதமும் உடனே செல்லுபடியாகிவிடும். ஆனால் அதனால் எதுவும் தெளிவாவதில்லை. ஆசிரியர் எதை நம்பி இந்தத் தாவலைச் செய்தார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. நல்ல நிரப்பீடு மூன்று வகையில் பொருந்த வேண்டும். ஆசிரியர் அதை ஏற்பார் என்று சொல்லக் கட்டுரையில் சான்று இருக்க வேண்டும். இடைவெளியை அடைக்கத் தேவையான அளவுக்கு மேல் அது எதையும் சொல்லக்கூடாது. உண்மையா பொய்யா என்று தனியே விசாரிக்கத் தக்கதாகவும் அது இருக்க வேண்டும்.

அந்தக் கூற்றைப் பின்வருமாறு எழுதலாம்.

எடுகூற்று 3: வசதியுள்ளவர்கள் நிவாரண நிறுவனங்களுக்குப் பணம் கொடுப்பதன் மூலம், ஒப்பிடத்தக்க அற முக்கியத்துவம் உள்ள எதையும் இழக்காமல், அத்தகைய துன்பத்தையும் சாவையும் தடுக்க முடியும்.

1972 கட்டுரையில் இது ஓர் எடுகூற்றாக எண்ணிட்டுத் தரப்படவில்லை. ஆனால் தேவைக்கும் வந்து சேர்ந்த தொகைக்கும் உள்ள இடைவெளியைக் காட்டும் கணக்குகள் வேறு எதற்காக? பணம் இன்னும் தேவைப்படுகிறது, அது வந்தால் உயிர்கள் பிழைக்கும் என்று காட்டத்தான். விமானப் போக்குவரத்தும் செய்தித் தொடர்பும் பெருகிய காலத்தில் தொலைவு ஒரு தடையாக இல்லை, பயிற்சி பெற்ற நிவாரணப் பணியாளர்கள் களத்தில் இருக்கிறார்கள் என்று அவர் சொல்வதும் இந்தக் கூற்றுக்கு ஆதரவாகவே. பின்னணிச் செய்தி போலத் தோன்றிய பகுதி உண்மையில் வாதத்தின் ஒரு தூண்.

2009-இல் வெளியான 'நீங்கள் காப்பாற்றக்கூடிய உயிர்' என்ற பொருள்படும் தலைப்புடைய நூலில் சிங்கரே தம் வாதத்தை வரிசையிட்டு எழுதினார். அங்கே மூன்று எடுகூற்றுகளும் ஒரு முடிவும் உள்ளன. மூன்றாவது எடுகூற்று இங்கே நிரப்பப்பட்டதை ஒத்தது. மாணவர் செய்யும் நிரப்பீடு ஆசிரியரின் கருத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க இந்த நூல் வசதியாக அமைகிறது.

குளத்தில் மூழ்கும் குழந்தையின் இடம்

இக்கட்டுரையை வாசித்த எவரும் மறக்காத பகுதி குளத்து எடுத்துக்காட்டு. ஆழமில்லாத குளம் ஒன்றின் பக்கமாக ஒருவர் நடந்து போகிறார். குழந்தை ஒன்று மூழ்கிக்கொண்டிருக்கிறது. இறங்கித் தூக்கினால் உடை சேறாகும். அவர் இறங்கித் தூக்கத்தான் வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை.

விடைத்தாள்களில் இந்தக் குழந்தை பெரும்பாலும் எடுகூற்று 1 என்ற இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது: "குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காப்பாற்ற வேண்டும். பட்டினி கிடக்கும் அகதியும் அந்தக் குழந்தையைப் போன்றவரே. ஆகவே அவருக்கு உதவ வேண்டும்." இது ஒப்புமை வாதம். ஒப்புமை வாதம் செல்லுபடியாகும் வகையைச் சேர்ந்ததன்று. அது வலுவானதா வலுவற்றதா என்று மட்டுமே கேட்க முடியும். குளத்துக்கும் முகாமுக்கும் உள்ள வேறுபாடுகள் எத்தனையோ. குழந்தை கண்முன்னே உள்ளது, அகதி தொலைவில் உள்ளவர். குளக்கரையில் ஒருவரே நிற்கிறார், பஞ்சத்தின்போது உதவக்கூடியவர்கள் லட்சக்கணக்கானோர். குளத்தில் இறங்கினால் குழந்தை பிழைப்பது கண்ணுக்குத் தெரியும், அனுப்பிய பணம் யாரைக் காத்தது என்று தெரிவதில்லை. வாதம் ஒப்புமை மேல் நிற்குமானால் இவற்றுள் ஒவ்வொன்றும் அதை ஆட்டங்காணச் செய்யும்.

சிங்கரின் கட்டுரையில் குளம் அந்த வேலையைச் செய்யவில்லை. எடுகூற்று 2 என்ற பொதுவிதியைச் சொல்லிவிட்டு, அந்த விதி ஒரு சிறு நிகழ்ச்சியில் எப்படிப் பொருந்துகிறது என்று காட்டவே அவர் குளத்துக்கு வருகிறார். விதியை வாசகர் ஏற்கனவே மனத்தில் கொண்டிருக்கிறார் என்று உணர்த்துவதே அதன் பணி. ஆகவே குளத்தை எடுகூற்று வரிசையில் எழுதாமல், எடுகூற்று 2-க்கு ஆதரவு என்று தனியே குறிப்பதே சரி.

இப்படிப் பிரித்து வைப்பதால் விமர்சனமும் கூர்மையாகிறது. குளத்தின் முன் நிற்பவர் இறங்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டே, அந்தத் தீர்ப்புக்குக் காரணம் எடுகூற்று 2 அன்று என்று ஒருவர் சொல்லலாம். "கண்முன்னே உயிருக்குப் போராடும் ஒருவரைக் கைவிடக் கூடாது" என்ற குறுகிய விதியும் அதே தீர்ப்பைத் தரும். ஒரே நிகழ்ச்சி பல விதிகளோடு பொருந்துமானால், அது அவற்றுள் ஒன்றை மட்டும் நிறுவிவிடாது. இதற்குச் சிங்கரின் மறுமொழி, தொலைவும் எண்ணிக்கையும் அறத்தில் வேறுபாடு உண்டாக்குவதில்லை என்பது. அது எடுகூற்று 2-ஐக் காக்கும் தனி வாதம். அதையும் இதே முறையில் பிரித்து எழுதிச் சோதிக்க வேண்டும்.

எஞ்சியிருக்கும் இடைவெளி

மூன்று எடுகூற்றுகளும் சேர்ந்த பின் வாதம் செல்லுபடியாகிவிட்டது என்று பெரும்பாலான பாடக்குறிப்புகள் நிறுத்திக்கொள்கின்றன. மீண்டும் எதிர்க்காட்டுச் சோதனையைச் செய்து பார்த்தால் நிறுத்தியது சற்று முன்கூட்டியே என்று தெரியும்.

மருத்துவர் ஒருவர் ஊதியம் இன்றி அகதி முகாமில் பணிசெய்கிறார் என்று கொள்வோம். அவர் எந்த நிறுவனத்துக்கும் பணம் கொடுப்பதில்லை. எடுகூற்று 3 சொல்வது, பணம் கொடுப்பதன் மூலம் துன்பத்தைத் தடுக்க முடியும் என்பதே. பணம் கொடுப்பது ஒன்றே வழி என்று அது சொல்லவில்லை. எடுகூற்று 2 கேட்பதும் தடுத்தலைத்தான். மருத்துவர் தம் கைகளால் தடுக்கிறார். அவர் தடுக்க முடிந்த துன்பம் முழுவதையும் இந்த வழியிலேயே தடுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொண்டால், மூன்று எடுகூற்றுகளும் உண்மையாக இருக்க, 'பணம் கொடுக்காதவர் தவறு செய்கிறார்' என்ற முடிவு அவரைப் பொறுத்தவரை பொய்யாகிறது. சிங்கரின் 2009 வடிவத்துக்கும் இது பொருந்தும். கண்டிப்பாகச் சொன்னால் அந்த வடிவமும் செல்லுபடியாகாது.

இது சொல்லைப் பிடித்துக்கொண்டு சண்டையிடுவது போலத் தோன்றலாம். ஆனால் திருத்தம் எதைக் கேட்கிறது என்று பார்த்தால் பயன் விளங்கும். எடுகூற்று 3 இவ்வாறு மாற வேண்டும்:

எடுகூற்று 3 (திருத்தியது): வசதியுள்ள ஒவ்வொருவரைப் பொறுத்தும், அவர் வேறு எதைச் செய்தாலும் எஞ்சி நிற்கும் துன்பம் ஒன்று உண்டு. அவர் பணம் கொடுத்தால்தான் அவரால் அது தடுபடும். அப்படிக் கொடுப்பதால் ஒப்பிடத்தக்க அற முக்கியத்துவம் உள்ள எதையும் அவர் இழப்பதில்லை.

இப்போது வாதம் செல்லுபடியாகிறது. கொடுக்காவிட்டால் அந்தத் துன்பத்தை அவர் தடுக்கவில்லை. எடுகூற்று 2-இன்படி தடுக்காமல் விடுவது தவறு. ஆகவே கொடுக்காமல் இருப்பது தவறு. ஆனால் எடுகூற்று 3 முன்பிருந்ததைவிடப் பெரிய கூற்றாகிவிட்டது. முன்பு 'கொடுத்தால் தடுக்கலாம்' என்று காட்டினால் போதும். இப்போது 'ஒவ்வொருவரும்', 'வேறு எதைச் செய்தாலும்' என்பவற்றையும் காட்ட வேண்டும். முகாமில் பணிசெய்யும் மருத்துவரும் இன்னும் கொடுக்கக் கடமைப்பட்டவரா என்பது இப்போது வெளிப்படையான கேள்வியாக எழுகிறது.

1979-இல் வெளியான 'நடைமுறை அறவியல்' நூலில் சிங்கர் தந்த வடிவத்தை இதனோடு ஒப்பிடலாம். கடும் வறுமை தீயது, அதில் ஒரு பகுதியையாவது ஒப்பிடத்தக்க எதையும் இழக்காமல் நாம் தடுக்க முடியும், ஆகவே ஒரு பகுதியையாவது நாம் தடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். முடிவில் நிறுவனமும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே மேற்சொன்ன இடைவெளி அங்கே தோன்றுவதே இல்லை. செல்லுபடி எளிதாகக் கிடைக்கிறது. அதற்கு ஈடாக முடிவு மெலிந்துவிடுகிறது. 'நாம்' என்பது ஒவ்வொருவரையும் குறிக்கிறதா, எல்லாரும் சேர்ந்த கூட்டத்தைக் குறிக்கிறதா என்பதும் அங்கே தெளிவாக இல்லை. செல்வ நாடுகள் சேர்ந்து தடுக்க முடியும் என்பதிலிருந்து, அந்நாட்டின் ஒவ்வொரு குடிமகனும் இன்ன தொகை கொடுக்க வேண்டும் என்பது தானாகப் பின்தொடராது.

ஒரு வாதம் செல்லுபடியாகிறதா என்ற கேள்விக்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என்று எழுதுவதோடு பயிற்சி முடிந்துவிடுவதில்லை என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது. செல்லுபடியைப் பெற எந்தக் கூற்று எவ்வளவு பாரத்தைச் சுமக்க வேண்டியிருக்கிறது என்று காண்பதே பயன்.

கடுமையான விதியும் மிதமான விதியும்

1972 கட்டுரையில் சிங்கர் எடுகூற்று 2-ஐ இரண்டு வடிவங்களில் தருகிறார். கடுமையான வடிவத்தில் 'ஒப்பிடத்தக்க அற முக்கியத்துவம் உள்ள எதையும் இழக்காமல்' என்று வருகிறது. மிதமான வடிவத்தில் 'அற முக்கியத்துவம் உள்ள எதையும் இழக்காமல்' என்று வருகிறது. ஒரே சொல்லின் வேறுபாடு. அதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம்.

மாதம் 40,000 ரூபாய் ஈட்டும் ஒருவர் 500 ரூபாய் கொடுக்கிறார். அதனால் அவர் இழப்பது ஒரு வேளை உணவகச் சாப்பாடு. வாதம் பொருந்துகிறது, அவர் கொடுத்தது கடமை. இப்போது அடுத்த 500 ரூபாய்க்கு அதே வாதத்தை மீண்டும் ஓட்ட வேண்டும். வாதத்தில் 'ஒரு தடவை கொடுத்தால் போதும்' என்ற சொல் எங்கும் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் எடுகூற்று 1-உம் 2-உம் மாறாமல் நிற்கின்றன. எடுகூற்று 3 மட்டுமே புதிதாகச் சரிபார்க்கப்பட வேண்டும். அது பொய்யாகும் இடத்தில்தான் கடமை நிற்கும்.

மிதமான விதியைக் கொண்டால், அற முக்கியத்துவம் உள்ள ஏதோ ஒன்றை அவர் தொடும்போதே எடுகூற்று 3 பொய்யாகிவிடும். மகளின் கல்விக் கட்டணத்துக்கு வைத்த பணத்தில் கைவைக்க நேர்ந்தால் அங்கே நின்றுவிடலாம். கடுமையான விதியைக் கொண்டால் அங்கே நிற்க முடியாது. ஒரு பிள்ளையின் நல்ல கல்லூரி முக்கியமானதுதான். ஆனால் இன்னொரு பிள்ளையின் உயிரோடு ஒப்பிடத்தக்கதா என்ற கேள்வி எழும். மேலும் கொடுத்தால் தமக்கோ தம்மைச் சார்ந்தவர்களுக்கோ அதே அளவு துன்பம் வரும் என்ற எல்லை வரை அது போகும். சிங்கர் இதை மறைக்கவில்லை. கடுமையான விதியே சரி என்று தமக்குத் தோன்றுவதாகவும், மிதமான விதியே போதுமான மாற்றத்தைக் கொண்டுவரும் என்றும் சொல்கிறார்.

இரண்டு விதிகளுக்கும் இடையே ஓர் ஈடுகட்டல் நடக்கிறது. மிதமான விதி ஏற்பதற்கு எளிது. ஆனால் அதற்குப் பொருத்தமான எடுகூற்று 3-ஐ நிறுவுவது கடினம், ஏனென்றால் கொடுப்பவர் முக்கியமான எதையுமே இழப்பதில்லை என்று காட்ட வேண்டும். கடுமையான விதி ஏற்பதற்குக் கடினம். அதன் எடுகூற்று 3-ஐ நிறுவுவது எளிது. மாணவர் எடுகூற்று 2-ஐ மிதமான வடிவிலும் எடுகூற்று 3-ஐக் கடுமையான வடிவிலும் எழுதிவிட்டால், இரண்டுமே எளிதில் உண்மை எனத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளாது; வாதம் செல்லுபடியாகாது. இரண்டு எடுகூற்றுகளிலும் அந்தத் தொடர் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழி.

மறுப்புகள் தைக்கும் இடம்

வாதம் செல்லுபடியான வடிவத்துக்கு வந்துவிட்டால், முடிவை மறுப்பவருக்கு ஒரே வழிதான் மிஞ்சுகிறது. எடுகூற்றுகளுள் ஏதாவது ஒன்றையாவது அவர் மறுத்தாக வேண்டும். "எடுகூற்றுகளை ஏற்கிறேன், முடிவு மட்டும் பிடிக்கவில்லை" என்று சொல்ல இடமில்லை. ஆகவே ஒவ்வொரு மறுப்பையும் பார்த்து, இது எந்த எண்ணைத் தாக்குகிறது என்று கேட்க வேண்டும்.

காரெட் ஆர்டின் 1974-இல் வெளியிட்ட 'உயிர்காப்புப் படகு' பற்றிய கட்டுரையில், ஏழை நாடுகளுக்கு உணவு அனுப்புவது மக்கள்தொகையைப் பெருக்கிப் பின்னால் பெருந்துன்பத்தையே தரும் என்றார். இது எடுகூற்று 3-ஐத் தாக்குகிறது. கொடுப்பதால் துன்பம் உண்மையில் தடுபடுவதில்லை என்பதே அதன் பொருள். எடுகூற்று 2-ஐ அது தொடவே இல்லை. ஆகவே இதற்கு விடை மெய்யியலில் இல்லை. மக்கள்தொகை, வேளாண்மை பற்றிய சான்றுகளில் உள்ளது.

சான் ஆர்தர் என்ற மெய்யியலாளரின் மறுப்பு எடுகூற்று 2-ஐத் தாக்குகிறது. கடுமையான விதி உண்மையானால், பார்வையிழந்த ஓர் அந்நியருக்கு நம் ஒரு கண்ணையோ, நோயுற்றவருக்கு ஒரு சிறுநீரகத்தையோ கொடுப்பதும் கடமையாகிவிடும். ஆனால் அது கடமையன்று. நம் உடல் மீது நமக்கு உரிமை உண்டு. ஆகவே அந்த விதி பொய் என்கிறார் அவர். இதுவும் ஒரு வாதமே. 'அ என்றால் ஆ, ஆ இல்லை, ஆகவே அ இல்லை' என்ற வடிவத்தில் உள்ளதால் இது செல்லுபடியாகும். சிங்கரின் பக்கம் நிற்பவர் ஒரு கண்ணை இழப்பது ஒப்பிடத்தக்க இழப்பே என்று கூறி முதல் கூற்றை மறுக்கலாம். அல்லது கொடுப்பது உண்மையில் கடமைதான் என்று துணிந்து இரண்டாவதை மறுக்கலாம். இரண்டுக்கும் விலை உண்டு.

மூன்றாவது வகை மறுப்பு எந்த எண்ணையும் தாக்குவதில்லை. "யாரும் இப்படி வாழ மாட்டார்கள்" என்பது அவற்றுள் ஒன்று. மக்கள் எப்படி நடக்கிறார்கள் என்பது, எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பற்றிய கூற்றைப் பொய்யாக்காது. "சிங்கரே வசதியாகத்தானே வாழ்கிறார்" என்பது இன்னொன்று. அது உண்மையானால் சிங்கர் தம் விதியை மீறுகிறார் என்று மட்டுமே தெரியும். விதி தவறு என்று தெரியாது. எடுகூற்றுகளுக்கு எண் இட்டு எழுதும் பழக்கம் இத்தகைய மறுப்புகளை எளிதில் அடையாளம் காட்டிவிடுகிறது. எந்த எண் என்று கேட்டால் பதில் இருக்காது.

முறையின் எல்லை

வாதத்தைப் பிரித்து எழுதுவதால் எடுகூற்று 2 உண்மையா என்பது தெரிந்துவிடாது. செல்லுபடிச் சோதனை அந்தக் கேள்வியைத் தீர்ப்பதில்லை. வேறு கேள்விகளிலிருந்து அதைப் பிரித்துத் தனியே நிறுத்துகிறது, அவ்வளவே. செல்லுபடியான வாதத்தை இரண்டு திசைகளிலும் படிக்கலாம் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. எடுகூற்றுகளில் உறுதியுள்ளவர் அவற்றின் வழியே முடிவை ஏற்பார். முடிவு பொய் என்பதில் உறுதியுள்ளவர், எடுகூற்றுகளுள் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று திரும்பி வருவார். எந்தத் திசையில் போவது என்று வடிவம் சொல்லாது. குளக்கரையில் நிற்பவரின் கடமை பற்றிய உறுதி பெரிதா, மகளின் கல்விப் பணம் பற்றிய உறுதி பெரிதா என்று ஒவ்வொருவரும் எடைபோட வேண்டிய இடம் அது.

ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவர், தாம் எதை மறுத்தால் எதை இழக்க நேரும் என்று அறிந்து நிற்கிறார். எடுகூற்று 2-ஐ மறுப்பவர், குளத்துக் குழந்தையைக் காக்கும் கடமைக்கு வேறு விதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எடுகூற்று 3-ஐ மறுப்பவர், நிவாரணப் பணத்தால் எந்தப் பயனும் இல்லை என்பதற்குச் சான்று தந்தாக வேண்டும். இரண்டையும் மறுக்காதவர் கொடுக்கக் கடமைப்பட்டவர்.